ஒரே ஷிப்டில் மூன்று எச்சரிக்கை: ஒரு எக்ஸ்கவேட்டர் நிகழ்வு ஆய்வு

20 டன் வகை எக்ஸ்கவேட்டர் ஒன்று பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கர் மாட்டி, அஸ்திவாரக் குழியில் பாறை உடைத்துக்கொண்டிருந்தது. டர்போ உள்ள காமன் ரெயில் டீசல் இன்ஜின். சைலன்சரில் புகை வடிகட்டி இல்லாத மாடல். ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டர் லாக் புத்தகத்தில் எழுதியது ஒரே வரிதான்: "வண்டி இழுக்கவில்லை, லைட் எல்லாம் மாறி மாறி வருகிறது, சென்சார் பார்க்கவும்."

சென்சார்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அன்று மானிட்டர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் 'இழுக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விஷயங்கள் கலந்திருந்தன. அவற்றை எப்படிப் பிரித்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

அன்று நடந்தது

காலையில் வேலை தொடங்கிய இரண்டு மணி நேரம் பிரச்சினை இல்லை. அதன்பின் பிரேக்கர் முழு வேகத்தில் அடிக்கும்போது ஏர் ஃபில்டர் லைட் எரிந்தது. ஆபரேட்டர் வேலையை நிறுத்தி ஆக்சிலேட்டர் டயலை ஐடிலுக்குக் குறைத்ததும் அணைந்தது. மறுபடி அடித்தால் எரிகிறது, நிறுத்தினால் அணைகிறது. வெளி ஃபில்டர் புதிதாக மாற்றி அதிக நாள் ஆகவில்லை. அதனால் "லூஸ் கனெக்‌ஷன்தான்" என்று விட்டுவிட்டார்கள்.

மதியத்தை ஒட்டி ஹைட்ராலிக் ஆயில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது, பஸ்ஸர் அடித்தது. சிறிது நேரம் ஐடிலில் விட்டார். முள் இறங்கியது. மறுபடி அடித்தார். அரை மணி நேரத்துக்குள் மீண்டும் சிவப்பு. இந்தக் கட்டத்திலேயே பிரேக்கர் அடி மெதுவாகிவிட்டது, பூம் தூக்குவதும் சோம்பலாக இருந்தது என்று பின்னால் கேட்டபோது சொன்னார்.

மாலையில் மூன்றாவது எச்சரிக்கை வந்தது. இன்ஜின் பவர் குறைக்கப்பட்டது என்ற செய்தி. டயலை எவ்வளவு திருப்பினாலும் இன்ஜின் மேலே ஏறவில்லை. சாவியை அணைத்துப் போட்டார். சிறிது நேரம் சரியாக ஓடி, மறுபடி அதே கதை. அதோடு வண்டியை ஓரங்கட்டினார்.

அழிக்கும் முன் படிக்க வேண்டியது

பணிமனையில் நாங்கள் முதலில் தொட்டது ஸ்பேனரை அல்ல, மானிட்டரின் கோளாறுப் பதிவை. பல இடங்களில் மெக்கானிக் வந்ததும் எல்லாக் கோளாறுக் கோடுகளையும் அழித்துவிட்டு "மறுபடி வருதா பார்ப்போம்" என்பார். அழித்தால் வரிசை போய்விடும். இந்த நிகழ்வில் வரிசைதான் பாதி விடை. இடது ஓரத்தில் இருப்பது ஹவர் மீட்டர். SPN எண் எதில் கோளாறு என்பதையும், FMI எண் அது எந்த விதம் என்பதையும் சொல்லும்:

```
4318.2 h   SPN 107   FMI 15
4320.6 h   SPN 1638  FMI 15
4322.9 h   SPN 105   FMI 16
4322.9 h   SPN 1569  FMI 31
```

SPN 107 என்பது ஏர் ஃபில்டரின் இழுப்புத் தடை. SPN 1638 ஹைட்ராலிக் ஆயிலின் வெப்பம். SPN 105 இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம், அதாவது இன்டர்கூலரைத் தாண்டி இன்டேக் மேனிஃபோல்டில் அளக்கப்படுவது. SPN 1569 கோளாறே இல்லை. "இன்ஜினைக் காப்பாற்ற நான் பவரைக் குறைத்துவிட்டேன்" என்று கன்ட்ரோலர் பதிந்துவைக்கும் குறிப்பு அது. FMI எண்ணில் 15 என்றால் அளவு சற்றே கூடியிருக்கிறது, 16 என்றால் நடுத்தரமாகக் கூடியிருக்கிறது. வயரிங் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் 3 அல்லது 4 காட்டும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. சென்சார் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. எல்லா வண்டியும் இந்தப் பொது எண்களைக் காட்டாது. பல நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கோடுகளை வைத்திருக்கின்றன. ஆனால் கோடு, அது வந்த மணி, எத்தனை முறை வந்தது என்ற மூன்றும் அநேகமாக எல்லா மானிட்டரிலும் எங்காவது கிடைக்கும்.

பவர் குறைந்ததற்குக் காரணம் ஆயில் சூடு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதிவு வேறு சொல்கிறது. 1569 வந்த அதே நேரத்தில் பக்கத்தில் நிற்பது 105. பவரைப் பிடித்து வைத்தது இன்டேக் காற்றின் சூடு.

மூன்று விதமான 'இழுக்கவில்லை'

சீட்டில் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மானிட்டரில் ஆர்பிஎம்மைப் பார்த்துக்கொண்டே ஒரு கனமான வேலை கொடுத்தால் பிரிந்துவிடும்.

ஹைட்ராலிக் ஆயில் சூடாகி வேகம் குறைந்திருந்தால், இன்ஜின் சத்தம் நன்றாகவே இருக்கும், ஆர்பிஎம் விழாது. வேலை மட்டும் மெதுவாக நடக்கும். காரணம் ஆயில் நீர்த்துப்போவது. வழக்கமாக ஊற்றும் விஜி 46 ஆயிலுக்கு அந்தப் பெயரே 40 டிகிரியில் அதன் பிசுக்கு 46 என்பதால் வந்தது. அதே ஆயில் 100 டிகிரியில் ஏறத்தாழ 7-க்கு இறங்கிவிடும். அப்போது பம்ப், மோட்டார், வால்வு எல்லாவற்றின் உள் இடைவெளிகளிலும் ஆயில் ஒழுகித் திரும்பிப் போகிறது. பம்ப் தள்ளியதில் ஒரு பங்கு வேலைக்கே வராது. ஒழுகும் ஆயில் இன்னும் சூட்டைத்தான் உண்டாக்கும். அதனால் சூடு சூட்டையே வளர்க்கும். சில வண்டிகளில் ஆயில் மிகவும் சூடானால் கன்ட்ரோலரே பம்பின் சுமையையும் குறைத்துவிடும்.

காற்று போதாமல் இழுக்கவில்லை என்றால், சுமை கொடுத்ததும் இன்ஜின் திணறி ஆர்பிஎம் இறங்கும். பழைய இன்ஜினில் கரும்புகை தெரியும். காமன் ரெயிலில் கன்ட்ரோலர் காற்றின் அளவுக்கேற்ப டீசலைக் குறைத்துவிடுவதால் புகை குறைவாகத்தான் இருக்கும். புகை வடிகட்டி உள்ள வண்டியில் தெரியவே தெரியாது. ஆகவே புகை இல்லை, எனவே காற்று சரி என்று முடிவு கட்டக் கூடாது.

கன்ட்ரோலர் பவரைக் குறைத்திருந்தால், ஒரு சுவர் இருப்பதுபோல ஓர் அளவுக்கு மேல் இன்ஜின் போகாது. திணறலும் இருக்காது, புகையும் இருக்காது. எச்சரிக்கைச் செய்தி நிற்கும்.

இந்த ஆபரேட்டரிடம் கேட்டபோது மதியச் சோம்பலில் இன்ஜின் சத்தம் மாறவில்லை என்றார். அது ஆயில். மாலையில் நடந்தது வேறு: இன்ஜினே ஏறவில்லை. அது கன்ட்ரோலர். 'சென்சார் பார்க்கவும்' என்ற அவரது வரியைவிட இந்தச் சிறு பேச்சு எங்களுக்கு அதிகம் உதவியது.

ஏர் ஃபில்டர்: புதிது மாட்டியும் லைட் ஏன்?

ஐடிலில் அணைகிறது என்பதே சுவிட்ச் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். அந்தச் சுவிட்ச், ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜின் எவ்வளவு வெற்றிடத்தை இழுக்கிறது என்பதைப் பார்க்கிறது. பல வண்டிகளில் அது எரியும் அளவு 6.2 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும், அதாவது 25 அங்குல நீர்மட்டம். சில மாடல்களில் இதைவிடக் கொஞ்சம் கூட. இந்தத் தடை காற்றோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ ஒத்துப்போகும். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று, முழுச் சுமையில் இழுப்பதில் கால் பங்கு என்று வைத்துக்கொண்டால், தடை பதினாறில் ஒரு பங்குதான் வரும். அடைத்த ஃபில்டரும் ஐடிலில் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். எனவே இந்த லைட்டை ஐடிலில் சோதிப்பதில் அர்த்தமே இல்லை.

சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் வெற்றிட கேஜ் மாட்டி, முழு வேகத்தில் சுமை கொடுத்துப் பார்த்தோம். புதிய வெளி ஃபில்டரோடு 6.5 கிலோபாஸ்கல். வெளி ஃபில்டர் புதிதாக இருந்தும் இவ்வளவு தடை என்றால், அடைப்பு அதற்கு உள்ளேயோ முன்னாலோ இருக்க வேண்டும். காற்று நுழையும் குழாயும் முன்வடிகட்டும் சுத்தமாக இருந்தன. வெளி ஃபில்டரை உருவியதும் உள் ஃபில்டர் தெரிந்தது. முழுக்கச் சாம்பல் நிறம்.

உள் ஃபில்டர் அழுக்காக இருக்கிறது என்றால் அதை மாற்றினால் போதும் என்று நிறுத்தக் கூடாது. அதன் வேலை, வெளி ஃபில்டர் தோற்றால் இன்ஜினைக் காப்பாற்றுவது. அது சாம்பல் நிறமானால், வெளி ஃபில்டர் ஏதோ ஒரு நாள் தோற்றிருக்கிறது என்று பொருள். குப்பையில் கிடந்த பழைய வெளி ஃபில்டரை எடுத்து உள்ளே ஒரு பல்பை விட்டுப் பார்த்தோம். மடிப்புகளின் ஓரத்தில் ஊசித் துளைகளாக வெளிச்சம் வந்தது. கம்ப்ரசரில் முழு அழுத்தத்தில், ஏர் கன்னின் முனையை ஒட்டவைத்து அடித்திருக்கிறார்கள். தாளை அப்படி அடித்தால் கிழியத்தான் செய்யும். மேனுவல் ஏர் அடிக்க அனுமதிக்கும் வண்டியில் கூட 2 பார் அளவில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, முனையைத் தள்ளிவைத்து அடிக்க வேண்டும். மேனுவலில் வேறு அழுத்தம் இருந்தால் அதுதான் கணக்கு. தரையில் தட்டித் தூசி உதிர்ப்பது இதைவிட மோசம், சீல் உட்காரும் விளிம்பு வளைந்துவிடும். உள் ஃபில்டரை எப்போதும் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். "ஒரு தடவை மட்டும்" அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் கூடாது.

புதிய உள் ஃபில்டர் போட்டதும் கேஜ் 2.8 கிலோபாஸ்கலுக்கு வந்தது. அந்த லைட்டின் கதை முடிந்தது, ஆனால் ஒரு கேள்வி மிச்சம்: உள் ஃபில்டரையும் தாண்டித் தூசி போயிருக்கிறதா? டர்போவுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணியில் மாவுபோல ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தாலும் இன்ஜின் ஆயில் மாதிரி எடுத்து சிலிக்கான் அளவு பார்க்க அனுப்பச் சொன்னோம். துணியில் படாத நுண்தூசி அதில்தான் தெரியும்.

ஆயிலும் இன்டேக் காற்றும் சேர்ந்து சூடானது ஏன்?

இந்த இரண்டுக்கும் பொதுவானது ஒரே இடம்தான். ரேடியேட்டர், ஆயில் கூலர், இன்டர்கூலர் மூன்றும் ஒரே ஃபேனின் காற்றை நம்பியிருக்கின்றன. இந்த வண்டியில் ஃபேன் வெளிக்காற்றைப் பக்கக் கதவின் வழியாக உறிஞ்சி, கூலர்களின் ஊடாக இழுத்து இன்ஜின் பக்கம் தள்ளுகிறது. அந்தக் காற்று குறைந்தால் மூன்றுமே சூடாகும். ஆனால் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வராது. பிரேக்கர் வேலையில் ஆயிலுக்குத்தான் அடி முதலில். அடுத்து இன்டேக் காற்று. டர்போவிலிருந்து வெளிவரும் காற்று முழுச் சுமையில் 150 டிகிரியைத் தாண்டும். அதை இன்டர்கூலர் இறக்காவிட்டால் கன்ட்ரோலர் பவரைக் குறைப்பது இயல்பு. அடைபட்ட ஏர் ஃபில்டரும் டர்போவை அதே பூஸ்டுக்கு இன்னும் கொஞ்சம் கடினமாகச் சுற்ற வைத்து இந்தச் சூட்டில் சிறிது சேர்த்திருக்கும். பெரிய பங்கு கூலர்களுடையதுதான். கூலன்ட் முள் மட்டும் அன்று எல்லைக்குள்ளேயே நின்றது.

"ரேடியேட்டர் நேற்றுதான் அடித்தோம் சார்" என்றார் ஹெல்பர். வெளிமுகத்தைப் பார்த்தால் உண்மைதான். தூசி வலையும் சுத்தம், ஃபின்களும் சுத்தம். ஃபேன் பக்கம் ஒரு விளக்கைப் பிடித்துவிட்டு வெளிப்பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னோம். ரேடியேட்டரில் வெளிச்சம் தெரிந்தது. ஆயில் கூலரிலும் இன்டர்கூலரின் பக்கத்துப் பாதியிலும் இருட்டு. ஆயில் கூலரின் மேல் ஹோஸ் இணைப்பில் ஒரு மெல்லிய கசிவு இருந்தது. சொட்டும் அளவுக்கு இல்லை, ஈரப்பசை மட்டும். ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே இழுக்க, பாறைத் தூள் அதன்மேல் ஒட்டி, கூலரின் உள்தடிமனில் அடைபோல இறுகியிருந்தது. தினமும் வெளியிலிருந்து அடித்த காற்று அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது.

கூலரில்தான் கோளாறு என்பதை உறுதி செய்ய, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஆயில் கூலரின் நுழைவாயையும் வெளிவாயையும் அளந்தோம். சுமை கொடுத்து ஓட்டும்போது நுழைவில் 98, வெளியே 94. முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. சூடான ஆயில் கூலர் வழியாக ஓடுகிறது, ஆனால் சூடு இறங்கவில்லை. அதாவது காற்றுப் பக்கம்தான் அடைப்பு. வெளிவாய் நன்றாகக் குளிர்ந்து, டேங்க் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தால் கதை மாறியிருக்கும். ஆயில் கூலருக்குள் போகாமல் பைபாஸ் வால்வு வழியாகத் தாண்டிப் போகிறதா என்று தேடியிருப்போம். பளபளப்பான அலுமினியத்தின் மேல் இந்தக் கருவியைக் காட்டினால் குறைத்துச் சொல்லும், எனவே பெயின்ட் அடித்த இடத்தில் அல்லது ஒட்டிய டேப்பின் மேல் அளக்க வேண்டும். அன்று நாங்கள் டேப் ஒட்டித்தான் அளந்தோம்.

எண்ணெய்ப் பசையுள்ள தூசி வெறும் காற்றுக்கு அசையாது. இன்ஜின் ஆறியபின் கசிவை முதலில் நிறுத்தினோம். பிறகு கொழுப்பு கரைக்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, குறைந்த அழுத்தத் தண்ணீரை ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஃபின்னுக்கு நேர்கோணத்தில் அடித்தோம். காற்று வந்த வழியே அழுக்கையும் திருப்பி அனுப்ப வேண்டும். சாய்த்து அடித்தால் ஃபின் மடங்கும், மடங்கிய ஃபின் நிரந்தர அடைப்பு. ஆல்டர்நேட்டரையும் கனெக்டர்களையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் முதலில் கறுப்பாக, அப்புறம் சேறாக வந்தது. விளக்கு முழுமுகத்திலும் தெரியும்வரை விடவில்லை.

பிரேக்கர் மேல் சந்தேகம்

பிரேக்கர்தான் ஆயிலைச் சூடாக்குகிறது என்ற வாதமும் வந்தது. அதில் உண்மை இருக்கிறது. பக்கெட் வேலையில் ஆயிலுக்கு இடையிடையே ஓய்வு உண்டு, பிரேக்கரில் இல்லை. உடையாத பாறையில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே நின்றால் அந்தப் பவரில் கணிசமான பங்கு ஆயிலில் சூடாகத்தான் முடியும். ஆனால் பிரேக்கர் லைனின் ரிலீஃப் வால்வைத் திறப்பதற்கு முன் கூலரைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளப்பது என்று முடிவெடுத்தோம். பாறையும் பிரேக்கரும் ஆபரேட்டரும் மாறவில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து அடித்தபின் ஆயில் 82-ல் நிலைத்து நின்றது, கூலரின் இரு வாய்களுக்கும் இடையே 9 டிகிரி இறக்கம். 105 கோடு வரவில்லை. முள் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போயிருந்தால் அடுத்ததாக ரிலீஃப் அழுத்தத்தையும், அப்புறம் பம்பின் கேஸ் டிரெயின் ஒழுக்கையும் பார்த்திருப்போம். தேவைப்படவில்லை.

ஆபரேட்டர் அந்தந்த நேரத்தில் என்ன செய்திருக்கலாம்

ஏர் ஃபில்டர் லைட்டுக்காக அங்கேயே இன்ஜினை நிறுத்த வேண்டியதில்லை, தூசி பறக்கும் குழியில் கவரைத் திறப்பதுதான் கெடுதல். ஷிப்ட் முடிவில் தூசியில்லாத இடத்தில் திறந்தால் போதும். ஏர் கிளீனர் கவரின் அடியில் இருக்கும் ரப்பர் வாயைத் தினமும் ஒருமுறை பிதுக்கித் தூசியைக் கொட்டிவிட வேண்டும். அது கெட்டியாகி ஒட்டிக்கொண்டால் ஃபில்டர் பாதி நாளிலேயே நிறைந்துவிடும்.

ஆயில் சூட்டில் இவர் ஐடிலில் விட்டது சரி. உடனே சாவியை அணைத்திருந்தால் ஃபேனும் நிற்கும், ஆயிலும் ஓடாது, சூடு அப்படியே தங்கும். பிரேக்கரைத் தரையில் ஊன்றிவிட்டு, சுமையில்லாமல், மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் ஓடவிட வேண்டும். டேங்க் மூடியை மட்டும் சூட்டில் தொடவே கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் சூடு இரண்டாவது முறை வந்தபோதுதான் தவறு நடந்தது. ஒரு முறை ஆறவைத்தும் உடனே திரும்பி வருகிற சூடு வேலையால் மட்டும் வருவதாக இருக்க வாய்ப்பு குறைவு, முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆறவைக்கும் பக்கத்தைத்தான். அப்போதே கூலரை விளக்கு வைத்துப் பார்த்திருந்தால் மாலை வரை போயிருக்காது.

பவர் குறைப்பில் சாவியை அணைத்துப் போடுவது எச்சரிக்கையைத் தற்காலிகமாக மறைக்கும், சூடு அங்கேயேதான் இருக்கும். அந்தக் குறைந்த பவரிலேயே வண்டியைக் குழியிலிருந்து வெளியே எடுத்து நிறுத்துவதுதான் வழி, அதற்காகத்தான் கன்ட்ரோலர் கொஞ்சம் பவரை மிச்சம் வைக்கிறது. இன்ஜின் ஆயில் பிரஷர் லைட் சிவப்பாக வந்தால் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம், அங்கேயே உடனே நிறுத்த வேண்டும்.

வண்டி மறுநாள் அதே குழிக்குத் திரும்பியது. பராமரிப்பு அட்டையில் இரண்டு வரிகள் மாறின. "ரேடியேட்டர் ஏர் அடிக்கவும்" என்றிருந்தது "ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்கவும், விளக்கு வைத்துப் பார்க்கவும்" என்று ஆனது. வெளி ஃபில்டரை ஏர் அடித்துப் போடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. இன்ஜின் ஆயில் சோதனை முடிவு வந்தபின் டர்போவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவாகும்.